'இன்டிஃபரன்ஸ் கண்டிஷ'னுக்கு என்ன சொல்லலாம்?

முத்தியால்பேட்டை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆட்டக் கோட்பாட்டுப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வழிகளை நிகழ்தகவு வைத்துக் கலந்து ஆடும் 'மிக்ஸ்ட் ஸ்ட்ராடஜி'க்குக் கலப்பு உத்தி, 'ஈக்விலிப்ரிய'த்துக்குச் சமநிலை, அதுவரை சிக்கல் இல்லை. இடிப்பது 'இன்டிஃபரன்ஸ்', அதாவது எதைத் தேர்ந்தாலும் ஒரே ஆதாயம் என்ற நிலை. பள்ளிப் பொருளியல் புத்தகத்தில் சமநோக்கு வளைகோடு இருப்பதால் நானும் சமநோக்கு என்றே போட்டேன். "ஆட்டக்காரர் சமநோக்கு வரும்படி நிகழ்தகவைத் தேர்கிறார்" என்று எழுதிக் கொடுத்தால், பிள்ளைகள் எல்லாரும் அவரவர் ஆதாயத்தை வைத்தே அவரவர் நிகழ்தகவைக் கணக்குப் போடுகிறார்கள். விடை தலைகீழாக வருகிறது.

இரண்டாவது, 'மேட்சிங் பென்னீஸ்' ஆட்டத்துக்கு 'ஒத்தையா ரெட்டையா' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒருவர் கைக்குள் ஒன்றோ இரண்டோ புளியங்கொட்டையை மூடுவார், மற்றவர் சொல்வார். சொன்னது சரியென்றால் மூடியவரிடமிருந்து ஒரு கொட்டை, தப்பென்றால் சொன்னவர் ஒரு கொட்டை கொடுக்க வேண்டும். சரியாக இருக்குமா?

நெல்லித்தோப்பு எழுதியது:

அம்மா, ஆட்டத்துக்குப் 'பூவா தலையா' என்பதே பொருத்தம். மூலத்தில் இருப்பது காசு, நம்மிடம் இருப்பதும் காசு. உத்திக்குக் 'கலப்பு' வேண்டாம், பாலில் தண்ணீர் ஊற்றுகிற ஞாபகம்தான் வரும். 'சரிபாதி உத்தி' என்று வையுங்கள். இந்த ஆட்டத்தில் விடை எப்போதும் பாதிக்குப் பாதிதானே? ஒத்தை, ரெட்டை, ஒத்தை, ரெட்டை என்று மாற்றி மாற்றி வைத்தால் முடிந்தது. மாணவனுக்கும் உடனே புரியும்.

திருப்பாதிரிப்புலியூர் எழுதியது:

ஐயா, பூவா தலையாவில் காசைச் சுண்டுகிறோம், முடிவு விழுவது காசின் கையில். மேட்சிங் பென்னீஸில் யாரும் காசைச் சுண்டுவதில்லை. எந்தப் பக்கம் காட்டுவது என்று இருவரும் தாங்களே தீர்மானித்து மூடி வைக்கிறார்கள், ஒருவருக்குப் பொருந்த வேண்டும், மற்றவருக்குப் பொருந்தக் கூடாது. ஆகவே என் ஓட்டு ஒத்தையா ரெட்டையாவுக்கு. நம் பிள்ளைகளுக்கு அதில் ஏமாற்றும் வழியெல்லாம்கூடத் தெரியும்.

மாற்றி மாற்றி வைப்பதில் ஒரு கோளாறு உண்டு. எண்ணிப் பார்த்தால் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும், ஆனால் நாலு கை ஆடியதும் எதிராளி பிடித்துவிடுவான். போன கை ஒத்தையா, இந்தக் கை ரெட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். விகிதம் மட்டும் போதாது, போன கைக்கும் இந்தக் கைக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. விம்பிள்டன் போன்ற பெரிய டென்னிஸ் போட்டிகளின் சர்வீஸ்களை வைத்துப் பொருளியலாளர்கள் வாக்கரும் உடர்ஸும் 2001இல் எழுதிய கட்டுரையில் இதே பழக்கம் தெரிகிறது. இடப்பக்கம் போட்டாலும் வலப்பக்கம் போட்டாலும் புள்ளி வெல்லும் வீதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, கோட்பாடு சொன்னபடி. ஆனால் பக்கத்தை மாற்றுவது மட்டும் தேவைக்கு மேல் அடிக்கடி.

'சரிபாதி' எப்போது உடைகிறது என்பதைக் கணக்கோடு நாளை எழுதுகிறேன்.

முதுநகர் எழுதியது:

நான் கணக்குக்காரன் இல்லை, தினம் பைக்கில் பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறவன். நீங்கள் சொல்வது எங்கள் ரோட்டுக் கதை மாதிரியே இருக்கிறது. முள்ளோடை தாண்டி ஆல்பேட்டை செக்போஸ்ட் வழியாக வந்தால் சிலநாள் நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள், சிலநாள் கேட்பாரே இல்லை. சரக்கு கொண்டுவருகிறவன் மெயின் ரோட்டில் வருவதா, ஊருக்குள் புகுந்து வருவதா என்று பார்ப்பான். பிடிக்கிறவர்கள் எந்த ரோட்டில் நிற்பது என்று பார்ப்பார்கள். அவர்களுக்குப் பொருந்தணும், இவனுக்குப் பொருந்தக் கூடாது. இதுதானே அது? அப்படியென்றால் அபராதத்தை இரண்டு மடங்காக்கினால் கடத்தல் பாதியாகிவிடும் என்று கணக்கில் வருமா? எங்களையாவது நிம்மதியாக விடுவார்கள்.

திருப்பாதிரிப்புலியூர் எழுதியது:

முதுநகர் தம்பி, ஆட்டத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், முடிவுதான் வேறு. முதலில் புளியங்கொட்டைக் கணக்கை முடித்துவிட்டு உங்கள் ரோட்டுக்கு வருகிறேன்.

சாதாரண ஆட்டத்தில் நெல்லித்தோப்பு ஐயா சொன்னபடி இருவருக்கும் சரிபாதிதான். இப்போது திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். "ரெட்டை என்று சரியாகச் சொன்னால் என் பங்குக்கு இரண்டு கொட்டை தருகிறேன்" என்கிறார். அப்படியானால் ரெட்டையைச் சரியாகச் சொன்னவருக்கு மொத்தம் மூன்று. மூடியவருக்கு எதுவும் மாறவில்லை, அவர் இழப்பது முன்போல் ஒன்றுதான்.

இப்போது யார் விளையாட்டை மாற்றிக்கொள்வார்? வகுப்பில் கேட்டால் எல்லாரும் "சொல்கிறவர் இனி ரெட்டையை அதிகமாகச் சொல்வார்" என்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

மூடுபவர் ஒத்தை வைக்கும் நிகழ்தகவு p. சொல்பவர் 'ஒத்தை' என்றால் p தடவை ஒன்று கிடைக்கும், மற்ற நேரம் ஒன்று போகும். 'ரெட்டை' என்றால் p தடவை ஒன்று போகும், மற்ற நேரம் மூன்று வரும்.

```
ஒத்தை:  p - (1 - p)   = 2p - 1
ரெட்டை: -p + 3(1 - p) = 3 - 4p
2p - 1 = 3 - 4p  →  p = 2/3
```

மூடுபவர் மூன்றில் இரண்டு பங்கு ஒத்தை வைத்தால்தான் சொல்பவருக்கு 'எதைச் சொன்னால் என்ன' என்ற நிலை வரும். எதைச் சொன்னாலும் சராசரியாகக் கைக்கு 1/3 கொட்டை. p அதைவிடக் குறைந்தால் சொல்பவர் ரெட்டையே சொல்லிக்கொண்டிருப்பார், கூடினால் ஒத்தையே.

சொல்பவரின் விகிதத்துக்கு மூடுபவரின் இழப்பைப் பார்க்க வேண்டும். அதில் பாட்டி கை வைக்கவே இல்லை, ஆகவே பழைய சரிபாதியே நிற்கிறது. பரிசு கிடைப்பது சொல்பவருக்கு, நடத்தையை மாற்றிக்கொள்வது மூடுபவர். முத்தியால்பேட்டை அம்மாவின் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். சொல்பவரின் ஆதாயத்தை எடுத்து, வந்த 2/3ஐச் சொல்பவர் தலையிலேயே கட்டுகிறார்கள். மூடுபவருக்கு அவர்கள் கண்ட விடையை வைத்து, இப்போது சொல்பவரின் இரண்டு வழியும் ஒரே தொகை தருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தராவிட்டால் ஆள் மாறிவிட்டது.

இதனால் வெறும் 'சமநோக்கு' எனக்குப் போதவில்லை. யார் யாரைச் சமநோக்கில் நிறுத்துகிறார் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். 'எதிர்ச் சமநோக்கு' என்று வைத்துப் பாருங்களேன்.

தம்பி, உங்கள் ரோட்டில் அபராதம் என்பது கடத்துபவருடைய கணக்கு. அதைக் கூட்டினால் கடத்துபவர் தயங்கி நிற்கும் அந்தப் புள்ளிக்குக் குறைவான சோதனையே போதும் என்றாகும். சோதனை குறையும், கடத்தும் விகிதம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் அதைக் கட்டிப்போடுவது சோதிப்பவர்களின் செலவும் பிடித்தால் வரும் பயனும். ஆக உங்கள் டிக்கிக்குக் கொஞ்சம் நிம்மதி, கடத்தல் பாதியாகாது. இருபுறமும் நிதானமாக ஈடுகொடுத்துச் சமநிலைக்கு வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டால்தான் இது. அபராதம் கூடிய முதல் மாதத்திலேயே இப்படி ஆகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

முதுநகர் எழுதியது:

அண்ணே, இது காகிதத்தில் சரி. நிஜத்தில் அபராதத்தைக் கேட்டாலே பாதிப்பேர் பயந்து விட்டுவிடுவான். மொத்தம் மூன்று கொட்டை கிடைக்கும் என்றால் நானே ரெட்டை ரெட்டை என்றுதான் கத்துவேன்.

திருப்பாதிரிப்புலியூர் எழுதியது:

நீங்கள் மட்டும் இல்லை தம்பி. பொருளியலாளர்கள் கோரியும் ஹோல்ட்டும் 2001இல் வெளியிட்ட சோதனையில் இதையே செய்து பார்த்தார்கள். பொருத்த வேண்டியவருக்கு ஒரு பக்கம் பொருந்தினால் மட்டும் 80 சென்ட்டை 320 சென்ட்டாக்கினார்கள். அவர் பாதிக்குப் பாதி ஆடவேண்டும் என்பது கோட்பாடு. 96 சதவீதம் பேர் பெரிய தொகை இருந்த பக்கத்துக்கே போனார்கள். எதிராளிகள் அந்தப் பக்கத்தை 12.5 சதவீதம்தான் எடுக்க வேண்டும், எடுத்ததும் 16 சதவீதம். அவர்கள் கணக்கை ஒட்டியே ஆடினார்கள், பரிசு பார்த்தவர்கள்தான் கத்தினார்கள். ஆனால் அது ஒரே ஒரு கை ஆடிய ஆட்டம், பல கை ஆடிப் பழகியவர்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

முத்தியால்பேட்டை எழுதியது:

ஐயா, கணக்கு தெளிந்தது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. சொல்பவருக்கு எதைச் சொன்னாலும் 1/3 என்றால், அவர் எதற்காகச் சரிபாதியில் நிற்க வேண்டும்? தன் லாபத்துக்காக இல்லையே.

திருப்பாதிரிப்புலியூர் எழுதியது:

நல்ல கேள்வி. தன் ஆதாயத்தைப் பார்த்தால் காரணமே இல்லை. ஆனால் 60 சதவீதம் ரெட்டை என்று சாய்ந்து, அது வெளியே தெரிந்துவிட்டால் மூடுபவர் ஒத்தையை மட்டுமே வைப்பார். அப்போது கைக்கு 1/3 வந்த இடத்தில் 0.2 போக ஆரம்பிக்கும். அதைப் பார்த்து இவர் ஒத்தைக்குத் தாவ, அவர் ரெட்டைக்குத் தாவ, எங்கும் நிற்காது. இருவருக்குமே நகரக் காரணம் இல்லாத இடம் மூடுபவருக்கு 2/3 ஒத்தை, சொல்பவருக்கு 1/2 மட்டும். அங்கே போய் நிற்க வைக்கும் கை எது என்பதற்கு ஆட்டக் கோட்பாட்டாளர் ஹர்சானி 1973இல் ஒரு விடை கொடுத்தார்: ஒவ்வொருவர் ஆதாயத்திலும் எதிராளிக்குத் தெரியாத சிறு ஏற்ற இறக்கம் இருக்கிறது, அவரவர் தமக்குத் தோன்றியதைத் திட்டமாகவே செய்கிறார்கள், வெளியிலிருந்து பார்க்கும்போது அது கலப்பாகத் தெரிகிறது என்று. எனக்கு அது பிடிக்கும். எல்லாரும் ஏற்பதில்லை.

நெல்லித்தோப்பு எழுதியது:

'சரிபாதி'யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், 'கலப்பு' இருந்துவிட்டுப் போகட்டும். 'எதிர்ச் சமநோக்கு' மட்டும் ஒத்துவராது. எதிர்ச்சொல், எதிர்மறை என்று படித்து வளர்ந்த பிள்ளை அதைச் 'சமநோக்குக்கு மாறானது' என்றுதான் எடுத்துக்கொள்ளும். 'எதிராளி சமநோக்கு' என்று விரித்துச் சொன்னால் குறைந்தா போய்விடும்?

முத்தியால்பேட்டை எழுதியது:

சரி ஐயா, இந்தப் பாடத்துக்கு 'எதிராளி சமநோக்கு நிபந்தனை' என்று போடுகிறேன், ஆட்டம் ஒத்தையா ரெட்டையா. ஆனால் அடுத்த பாடத்தில் மூன்று பேர் ஆடுகிறார்கள். அங்கே ஒருவருடைய விகிதம் மற்ற இருவரையும் சேர்த்துத் தொடுகிறது, 'எதிராளி' யார் என்ற கேள்வி மறுபடி வரும். அதற்கு யாரிடமாவது சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.