45 டாலர் ஷூவா, 240 டாலர் ஷூவா: ஒரு முறை அணிய ஆகும் செலவு

தண்டையார்பேட்டை – டொராண்டோ:
வந்த புதிதில் 45 டாலருக்கு வாங்கிய ஷூ ஐந்தே மாதத்தில் வாய் பிளந்துவிட்டது. வேலைக்கு நடந்தே செல்கிறேன். கடையில் 240 டாலருக்கு ஒரு தோல் ஷூ பார்த்து வைத்திருக்கிறேன். நாளடைவில் அது கட்டுப்படியாகுமா?

வியாசர்பாடி – லண்டன்:
தயங்காமல் வாங்குங்கள். விலை கூடினால் உழைப்பும் கூடும். தோல் ஷூ என்றாலே பத்து ஆண்டு தாங்கும்.

பெரம்பூர் – துபாய்:
ஊருக்குப் போகும்போதெல்லாம் பெரியமேட்டில் நான்கு ஜோடி வாங்கி வந்து பெட்டியில் வைத்துவிடுகிறேன். எனக்கு இந்தக் கவலையே இல்லை.

பெரியமேடு – மாண்ட்ரியல்:
அப்பாவின் பட்டறையில் சோல் ஒட்டிப் பழகியவன் என்பதால் சொல்கிறேன். மாதம் 22 நாள் என்றால் உங்கள் பழைய ஷூ 110 முறை உழைத்திருக்கிறது. முறைக்கு ஏறத்தாழ 41 சென்ட். 240 டாலர் ஷூவை இரண்டு ஆண்டு, அதாவது 528 முறை அணிந்து தூக்கிப்போட்டால் 45 சென்ட் ஆகிறது. மலிவு ஷூவே வென்றுவிடுகிறது! அதே ஷூவுக்கு 110 டாலர் கொடுத்துப் புதுச் சோல் போட்டு இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டினால், 350 டாலரை 1,056 முறைக்குப் பிரிக்கும்போது 33 சென்ட்தான். ஆகவே தோலா என்பதைவிட, சோல் மாற்ற முடியுமா என்பதையே முதலில் கேளுங்கள். ஓரத்தில் தையல் தெரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது. ஒட்டிய சோல் பலவற்றில் அந்தத் தையல் ரப்பரிலேயே அச்சாக வார்க்கப்பட்டிருக்கும். நகத்தால் நெருடிப் பார்த்தால் நூல் தனியாகத் தட்டுப்பட வேண்டும். அதுவும் அலங்காரத் தையலாக இருக்கலாம் என்பதால், வாங்குவதற்கு முன்பே படத்தை உள்ளூர் ஷூ பழுதுபார்ப்பவரிடம் காட்டிக் கேட்பது நல்லது.

பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு தோலில் வெள்ளைக் கோடாகப் படியும். அன்றிரவே ஈரத்துணியால் துடைத்து, ஹீட்டரிலிருந்து தள்ளி உலர்த்துங்கள். மேல்தோல் வெடித்துவிட்டால் எந்தச் சோலும் காப்பாற்றாது. அந்த மாதங்களுக்குத் தண்ணீர் புகாத பூட்ஸ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால், அதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெரம்பூர்க்காரருக்கு ஒரு வார்த்தை: பியூ எனப்படும் பாலியூரித்தேன் சோலாக இருந்தால், அணியாமல் பெட்டியில் வைத்தாலும் காற்றின் ஈரத்தால் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும்.

வியாசர்பாடி – லண்டன்:
என் தோல் ஷூ எட்டு ஆண்டாக நன்றாகத்தானே இருக்கிறது?

பெரியமேடு – மாண்ட்ரியல்:
தினமும் அணிகிறீர்களா, விசேஷத்துக்கு மட்டுமா?

வியாசர்பாடி – லண்டன்:
விசேஷத்துக்குத்தான்.

தண்டையார்பேட்டை – டொராண்டோ:
நகத்தால் பார்த்தேன், நூல் தட்டுப்படுகிறது. ஆனால் சோல் மாற்றத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும், பல வாரம் ஆகும் என்கிறார் கடைக்காரர். அதுவரை அணிய இன்னொரு ஜோடி வாங்கினால் இந்த 33 சென்ட் எவ்வளவாகும்?