கலைச்சொல் தேவை: விரிதாளில் எண்ணின் தோற்றத்தைச் சொல்லும் வரி

நல்லூர் ரீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். கூட்டுறவுச் சங்கக் கிளாக்குமாருக்கு விரிதாள் கைநூல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். `Format Cells` பெட்டியில் `Custom` என்ற இடத்தில் எழுதும் வரிக்கு ஒரு நல்ல சொல் வேண்டும். சுன்னாகம் சந்தைக்குப் போகிற வெங்காய இருப்பை உதாரணமாக எடுத்திருக்கிறேன்:

```
#,##0.0" கிலோ";[Red]-#,##0.0" கிலோ";"இருப்பு இல்லை";@
```

1240.5 என்று அடித்தால் 1,240.5 கிலோ என்று தெரியும். வரவைப் பதிய முதல் விற்பனையைப் பதிந்துவிட்டு இருப்பு -35 ஆனால், சிவப்பில் -35.0 கிலோ. "எண் வடிவமைப்பு" என்று எழுதலாம்தான். ஆனால் எழுத்தைத் தடிப்பாக்குவதும் கட்டத்துக்குக் கோடு போடுவதும்கூட வடிவமைப்புத்தானே?

கோப்பாய்த் தம்பி:
ரீச்சர், "எண்மாற்றி" சுருக்கமாக இருக்கும். 35-ஐ 35 கிலோவாக மாற்றுகிறதுதானே. இன்னொன்று, சிவப்பு வந்த பிறகு கழித்தல் குறி எதற்கு? அதை எடுத்துவிட்டால் வரி சின்னதாகும்.

வட்டுக்கோட்டை ஐயா:
தம்பி, மாற்றுவது ஒன்றுமில்லை. கட்டத்தைச் சொடுக்கி மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பாரும், வெறும் -35 தான் இருக்கும். கிலோவும் காற்புள்ளியும் சிவப்பும் கண்ணுக்கு மட்டும். "மாற்றி" என்று பெயர் வைத்தால் படிக்கிற பிள்ளை கணக்கே மாறிவிட்டது என்று நினைக்கும்.

அந்தக் கழித்தல் குறியை எடுக்கவும் வேண்டாம். அரைப்புள்ளி போட்டு இரண்டாவது பகுதியை எழுதிவிட்டால், குறைப் பெறுமானத்துக்கு விரிதாள் தானாகக் குறி போடாது. நாம் எழுதினால்தான் உண்டு. நீர் எடுத்துவிட்டுக் கறுப்பு மையில் அச்சடித்தால் 35 கிலோ குறைவதும் 35 கிலோ இருப்பதும் ஒன்றுபோலவே தெரியும். சங்கத்தில் வண்ண அச்சுப்பொறிக்கு யார் காசு தருவார்?

சொல்லுக்கு வருகிறேன். "தோற்ற வாய்பாடு" எப்படி? யாப்பில் தேமா, புளிமா என்று அசைகளின் அமைப்பைக் காட்டுகிறோம், பாட்டின் சொல் மாறுவதில்லை. இந்த வரி செய்வதும் அதுதான்.

சாவகச்சேரி அக்கா:
என் கதையைக் கேளுங்கோ. தேங்காய்க் கணக்கில் ஒவ்வொரு கட்டத்திலும் "250 காய்" என்று கையால் அடித்தேன். கீழே `SUM` போட்டால் 0 வருகிறது. கணினிக்குத்தான் வருத்தம் என்று இருந்தேன்.

வட்டுக்கோட்டை ஐயா:
அது எழுத்தாகிப்போன எண், பிள்ளை. நீங்களாக இடம்வலம் மாற்றாத கட்டமென்றால், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும், எண் வலப்பக்கம். பார்த்தவுடன் பிடிக்கலாம். `Find & Replace`-இல் " காய்" என்பதை வெறுமையாக்கிவிட்டு, பிறகு நிரல் முழுவதற்கும் `#,##0" காய்"` போடுங்கோ.

பருத்தித்துறையான்:
எனக்கும் இதேதான் வேணும்: கடன் தவணை தாண்டினால் அந்த வரிசை முழுக்கச் சிவப்பாக வேணும். வரியில் `[Red]` போட்டால் எண் மட்டும்தானே சிவக்கிறது?

வட்டுக்கோட்டை ஐயா:
அது வேறு வேலை, `Conditional Formatting`. அதற்கும் சொல் தேடுவதென்றால் தனி இழையில் தொடங்கும்.

கோப்பாய்த் தம்பி:
சரி ஐயா, "மாற்றி" வேண்டாம். ஆனால் வாய்பாடு என்றால் சனம் பெருக்கல் வாய்பாட்டைத்தான் நினைக்கும். தமிழ்நாட்டு வேதியியல் நூல்களில் "மூலக்கூறு வாய்பாடு" என்றும் இருக்கிறது. நாங்கள் சூத்திரம் என்கிறதை அங்கே வாய்பாடு என்றால், அவர்கள் இந்தக் கைநூலைப் படித்துக் குழம்பமாட்டார்களா?

அப்புறம், இலட்சக் கணக்கில் காற்புள்ளி வைக்க ஒரு வரி கண்டேன்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

1234567 என்றால் 12,34,567 என்று வடிவாக வருகிறது. ஆனால் -1234567 போட்டால் -1,234,567 என்கிறது. சிவப்பும் சேர்க்க இடமில்லை.

வட்டுக்கோட்டை ஐயா:
இடம் இருக்காது. ஒரு வரிக்குள் நிபந்தனை இரண்டுதான் வைக்கலாம். நீர் கோடிக்கும் இலட்சத்துக்கும் செலவழித்துவிட்டீர். மிச்சமெல்லாம், குறைப் பெறுமானம் உட்பட, மூன்றாவது பகுதியில் போய் விழும். இங்கே வங்கிக் கணக்கும் மூன்று மூன்றாகத்தான் பிரிக்கிறது, வாயால் மட்டும் இலட்சம் என்கிறோம். கைநூலுக்கு `#,##0` போதும் என்பது என் எண்ணம்.

நல்லூர் ரீச்சர்:
எனக்கும் அப்படித்தான் படுகிறது. அப்போ வரைவில் இப்போதைக்குத் "தோற்ற வாய்பாடு" என்றே போடுகிறேன். தம்பி சொன்ன குழப்பத்துக்கு அடுத்த வரியிலேயே உதாரணம் வைக்கிறேன். அரைப்புள்ளிகளுக்கு இடையில் உள்ள நான்குக்கும் ஐயா "பகுதி" என்கிறார், எனக்குக் "கூறு" பிடித்திருக்கிறது. அதை முடிவு செய்யவில்லை.

இன்னொரு சங்கதி: நேற்று ஒரு கட்டத்தில் "இருப்பு இல்லை" வரவேண்டிய இடத்தில் 0.0 கிலோ என்று நின்றது. உள்ளே 0.04 மிச்சம் கிடந்திருக்கிறது. மூன்றாவது கூறு உண்மையான பூச்சியத்துக்கு மட்டும்தான் வருகிறது. ஆகவே இருப்புச் சூத்திரத்தை `ROUND(…,1)` ஆக்கினேன். அதையும் அந்தப் பக்கத்திலேயே சேர்க்கிறேன்.

சாவகச்சேரி அக்கா:
எனக்கு இப்போ கூட்டுத்தொகை வருகிறது ஐயா. ஆனால் இரண்டு கட்டம் இன்னும் இடப்பக்கமே நிற்குது.

வட்டுக்கோட்டை ஐயா:
எண்ணுக்கும் "காய்" என்பதற்கும் இடையில் வெற்றிடம் விடாமல் அடித்திருப்பீர்கள். இல்லாவிட்டால் "காய்" என்று அடிக்காமல் "காய்கள்" என்று அடித்திருப்பீர்கள்.