முக்காலியை அழித்த இடத்தில் ஆத்தங்குடி டைல்ஸ் கோடு உடைகிறது, உதவி வேண்டும்

கோரிப்பாளையம் முத்து:
வணக்கம். மேலூர் பக்கம் ஒரு பழைய வீட்டுக்கு 360 டிகிரி படம் எடுத்துக் கொடுக்கிறேன். கேமரா தரையிலிருந்து 150 செ.மீ. உயரம், 8 மி.மீ. ஃபிஷ்ஐ லென்ஸ், சுற்றி ஆறு, மேலே ஒன்று. ஹகினில் சேர்த்ததில் சுவர், தூண், கூரை எல்லாம் சுத்தமாக வந்துவிட்டது, மொத்தப் படம் 12000 × 6000. கீழே முக்காலி நின்ற இடம்தான் பிரச்சினை. முக்காலியை ஒதுக்கிவிட்டு, கேமராவைக் கையில் பிடித்து அதே இடத்துக்கு நேர் கீழே ஒரு படம் எடுத்தேன். மொத்தப் படத்திலிருந்து கீழ்ப்பக்கத்தை மட்டும் 90 டிகிரி சதுரமாக வெளியே எடுத்து, கையில் எடுத்த படத்தை ஜிம்பில் அதன்மேல் வைத்து, நாலு புள்ளி கொடுத்து இழுத்துப் பொருத்தினேன். கொடுத்த நாலு புள்ளியும் உட்காருகிறது, நடுவில் டைல்ஸ் கோடு 15, 20 பிக்சல் உடைந்து நிற்கிறது. பூ டிசைன் டைல்ஸ், அதனால் பார்த்த உடனே தெரிகிறது. மூன்று ராத்திரி உட்கார்ந்துவிட்டேன். எங்கே தப்பு?

தல்லாகுளம் சரவணன்:
கையில் பிடித்தால் அப்படித்தான் வரும் தம்பி. லென்ஸ் அதே புள்ளியில் அப்படியே இருக்க வேண்டும், ஒரு செ.மீ. நகர்ந்தாலும் பொருந்தாது. திரும்பப் போய் எடுக்க முடியாது என்றால் குளோன் கருவியால் பக்கத்து டைல்ஸை நகலெடுத்து மூடிவிடுங்கள். ஆனால் 12000 அகலப் படத்திலேயே செய்யாதீர்கள், அதில் அடிப்பகுதி முழுக்க இழுபட்டு, காலுக்குக் கீழே இருக்கிற ஒரே புள்ளி கடைசி வரி முழுக்கப் பரவிக் கிடக்கும். நீங்கள் சதுரமாக எடுத்தது சரிதான், அதில் செய்யுங்கள்.

திருமங்கலம் செல்வி:
எனக்கும் இதே ஓட்டைப் பிரச்சினை இருக்கிறது. யானைமலைக்குப் பக்கத்தில் டிரோனில் எடுத்தேன், உச்சியில் வட்டமாகக் கறுப்பாக இருக்கிறது. இந்த நாலு புள்ளி முறை அதற்கு ஆகுமா?

ஒத்தக்கடை பாண்டி:
செல்விம்மா, உங்களுடையது வேறு. டிரோன் கேமரா மேலே அவ்வளவு தூரம் நிமிராது, அதனால் அங்கே படமே இல்லை. வானத்தில் கோடு ஒன்றும் கிடையாது, சுற்றி இருக்கிற நிறத்தை உள்ளே இழுத்து நிரப்பினால் போதும். தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

முத்து, சரவணன் அண்ணன் சொன்னதில் பாதி சரி. சுவரும் தூணும் நாற்காலியும் இருக்கிற படத்துக்கு லென்ஸ் நகரவே கூடாது. ஆனால் தட்டையான தரை மட்டும் என்றால் கேமரா ஒரு சாண் தள்ளியிருந்தாலும், சாய்ந்திருந்தாலும், அந்தத் தரையை எங்கிருந்து எடுத்த படத்தையும் நாலு புள்ளியால் முழுக்கப் பொருத்திவிடலாம். நாலு புள்ளியும் அந்த ஒரே தளத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் இரண்டு கேள்வி. ஒன்று, கையில் எடுத்த படத்தை ஃபிஷ்ஐ வளைவோடு அப்படியே வைத்தாயா? இரண்டு, நாலு புள்ளி எங்கெங்கே வைத்தாய்?

கோரிப்பாளையம் முத்து:
அண்ணே, வளைவை முதலிலேயே எடுத்துவிட்டேன். மற்ற படங்களுக்கு ஹகின் கண்டுபிடித்த லென்ஸ் அளவுகளையே இதற்கும் கொடுத்து நேர்ப் படமாக மாற்றினேன், கோடெல்லாம் நேராகத்தான் இருக்கிறது. புள்ளி மூன்று டைல்ஸ் முனையில். நாலாவது பக்கம் முற்றம் வருகிறது, அங்கே டைல்ஸ் முனை சரியாகத் தெரியவில்லை என்று முற்றத்தைச் சுற்றி ஓடுகிற கருங்கல் விளிம்பின் மூலையில் வைத்தேன்.

ஒத்தக்கடை பாண்டி:
அந்தக் கல் டைல்ஸை விடத் தாழ்வா?

கோரிப்பாளையம் முத்து:
ஆமாண்ணே, ஒரு நாலு அங்குலம் கீழே.

ஒத்தக்கடை பாண்டி:
பிடித்துவிட்டோம். அந்தக் கல் வேறு தளம். கணக்கே போட்டுப் பார்க்கலாம். உன் சதுரம் 3820 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்கிறேன், 12000-ஐ 3.14-ஆல் வகுத்தால் அதுதான் வரும். கேமரா 20 செ.மீ. தள்ளிப் போயிருந்தால், டைல்ஸ் 150 செ.மீ. ஆழத்திலும் கல் 160 செ.மீ. ஆழத்திலும் இருப்பதால், டைல்ஸ் பொருந்துகிற நிலையில் கல் மட்டும் கிட்டத்தட்ட 16 பிக்சல் விலகி நிற்கும். நீ அந்தக் கல்லை வலுக்கட்டாயமாகப் பொருத்தினாய், விலகல் டைல்ஸ் மேலே வந்து விழுந்துவிட்டது. வளைவு எடுக்காத படமாக இருந்தால் புள்ளிகள் உட்கார்ந்து நடுவில் கோடு வில் மாதிரி வளைந்திருக்கும். உனக்குக் கோடு நேராகவே இருந்து தள்ளி நிற்கிறது, அதனால்தான் தளத்தைச் சந்தேகப்பட்டேன்.

இப்போது செய்ய வேண்டியது: ஜிம்பில் Handle Transform எடுத்து, நாலு புள்ளியையும் டைல்ஸ் முனையிலேயே வை. முக்காலிக் கால்களுக்கு வெளியே, எவ்வளவு தள்ளித் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது, நெருக்கமாக வைத்தால் அரைப் பிக்சல் பிழைகூட ஓரத்தில் பெரிதாகிவிடும். பூ டிசைனில் இன்னொரு ஆபத்து, ஒரு டைல்ஸ் தள்ளி வைத்தாலும் எல்லாக் கோடும் அழகாகப் பொருந்தும். ஒரு விரிசலோ கறையோ பார்த்து எண்ணிக்கொள். அப்புறம் மாஸ்க் போடும்போது எல்லையை டைல்ஸ் நடுவில் விடாதே, இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கிற இணைப்புக் கோட்டின் மேலேயே ஓட்டு. கல் விளிம்பை மாஸ்க்குக்கு வெளியே விட்டுவிடு, அது பழைய படத்திலேயே இருக்கட்டும். முக்காலிக் கால் ஏதாவது அந்தக் கல்லின் மேல் நின்றிருந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் இன்னொரு நகல், இன்னொரு நாலு புள்ளி, எல்லாம் கல்லின் மேலேயே.

திரும்ப உள்ளே வைக்க, சரிசெய்த சதுரத்தை keezh.tif என்று சேமி. இந்த இரண்டு வரியை அதே ஃபோல்டரில் keezh.pto என்று சேமித்து:

```
p f2 w12000 h6000 v360 n"TIFF_m"
i w3820 h3820 f0 v90 y0 p-90 r0 n"keezh.tif"
```

```
nona -o ottu keezh.pto
```

என்று ஓட்டினால் ottu0000.tif வரும். கீழ்ப்பகுதி மட்டும் இருக்கும், மற்ற இடம் வெறுமையாக இருக்கும், மொத்தப் படத்துக்கு மேல் அடுக்காக வை. இது நீ சதுரத்தை p90 கொடுத்து எடுத்திருந்தால்தான் அப்படியே பொருந்தும்.

கோரிப்பாளையம் முத்து:
அண்ணே, உட்கார்ந்துவிட்டது! கோடு எங்கேயும் உடையவில்லை, பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் தடவை ஒரு டைல்ஸ் தள்ளித்தான் வைத்திருந்தேன், ஒரு பூவின் ஓரத்தில் மஞ்சள் சாயம் கசிந்திருப்பதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஒன்று மட்டும் மிச்சம். தரை நன்றாகப் பளபளப்பு, முற்றத்து வெளிச்சம் வெள்ளைப் பட்டையாக விழுகிறது. அந்தப் பட்டை மாஸ்க் எல்லையில் வந்து வெட்டுப்பட்டு நிற்கிறது.

தல்லாகுளம் சரவணன்:
வெளிச்சம் மாறியிருக்கும். இரண்டு படத்தையும் ஒரே எக்ஸ்போஷரில் எடுத்தீர்களா?

கோரிப்பாளையம் முத்து:
மேனுவலில்தான் அண்ணே, எல்லாப் படமும் ஒரே அளவு. பட்டைக்கு வெளியே நிறம் ஒன்றாகத்தான் இருக்கிறது.

ஒத்தக்கடை பாண்டி:
அப்படியென்றால் அது பிரதிபலிப்பு. டைல்ஸ் தன் இடத்தில் இருக்கும், அதில் தெரிகிற வெளிச்சம் கேமரா நகர்ந்தால் கூடவே நகரும். நாலு புள்ளி அதைத் திருப்பாது. இந்த ஒரு விஷயத்தில் சரவணன் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி, லென்ஸ் அதே இடத்தில் இருந்தால்தான் பட்டையும் ஒன்றாக வரும். அடுத்த வீட்டில் முக்காலியை எடுப்பதற்கு முன் லென்ஸுக்குக் கீழே கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வை, நூலின் நீளத்தையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள். கையில் எடுக்கும்போது அதே நூலால் இடத்தையும் உயரத்தையும் பார்த்துக்கொள்ளலாம். புள்ளியைக் குளோனில் அழித்துவிடலாம். இப்போது இருக்கிற படத்துக்கு நான் மாஸ்க் ஓரத்தைப் பட்டை விழுகிற இடத்தில் மட்டும் 150, 200 பிக்சல் மெதுவாகக் கரைத்துப் பார்ப்பேன். ஆனால் பட்டைக்குள் பூ டிசைன் தெரிகிறதா, வெறும் வெள்ளையா என்று பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

கோரிப்பாளையம் முத்து:
பாதி வெள்ளை, பாதியில் பூ மங்கலாகத் தெரிகிறது அண்ணே. நாளைக்குக் கரைத்துப் பார்த்துவிட்டு இங்கேயே படம் போடுகிறேன்.