அனுபவப் பகிர்வு: "அந்தப் பகுதி செத்துவிட்டது" என்றார்கள், பாதி பிழைத்தது

கடைக்காரர் மகள்:
அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை நோய் உண்டு. நெஞ்சுவலி என்று ஒருநாளும் சொன்னதில்லை, ஐந்து மாதமாக மூச்சுவாங்கல் மட்டும்தான். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எத்தனை விழுக்காடு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதைக் காட்டும் இ.எஃப்., எக்கோவில் 28 என்று வந்தது. ஆஞ்சியோகிராமில் முன்பக்க ரத்தக்குழாய் முழுவதுமாகவும், வலப்பக்கக் குழாய் பெருமளவும் அடைத்திருந்தன. முதலில் பார்த்த மருத்துவர், இதயத்தின் முன்சுவர் அசையவே இல்லை, செத்த தசைக்கு ரத்தம் கொடுத்துப் பயனில்லை என்று கூறிவிட்டார்.

இரண்டாவது மருத்துவர், அசையாத தசை எல்லாம் செத்த தசை ஆகாது, வரும்படி குறைந்த வீட்டில் செலவைச் சுருக்கிக்கொள்வதுபோல வேலையை நிறுத்திவிட்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று சொல்லி, இதய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். சிறுநீரக ரத்தப் பரிசோதனை சரியாக இருந்த பிறகே கடோலினியம் மருந்தைச் செலுத்தினார்கள். பத்து நிமிடம் கழித்து எடுத்த படங்களில் தழும்பு வெள்ளையாகவும் உயிருள்ள தசை கறுப்பாகவும் தெரிந்தன. முன்சுவரின் பெரும்பகுதியில் உட்புற ஓரமாக மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. அது சுவரின் தடிமனில் கால் பங்குகூட இல்லை. இதயத்தின் நுனியிலோ உள்ளிருந்து வெளிவரை முழுக்க வெள்ளை. "முன்சுவர் எழும்பலாம், நுனி எழும்பாது" என்று மருத்துவர் சொன்னார். பைபாஸ் செய்தோம்.

நெல்லை வாசகர்:
என் அண்ணனுக்கு மாரடைப்பு வந்து நான்கு மணி நேரத்துக்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் இ.எஃப். 32, ஆறு வாரத்தில் 50. எந்த ஸ்கேனும் எடுக்கவில்லை. குழாயைத் திறந்தால் தசை தானாகத் தேறிவிடும். இந்தப் பரிசோதனையெல்லாம் வீண் செலவு என்பதே என் கருத்து.

எக்கோ அறை:
உங்கள் அண்ணன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஆனால் அது வேறு கதை. அவருடைய குழாய் திறந்துவிட்டது, ரத்தமும் ஓடுகிறது. அதிர்ச்சியில் திகைத்துப்போன தசை நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ தானே தெளிந்தது. அதனால்தான் மாரடைப்புக்கு மறுநாள் வரும் இ.எஃப்.-ஐ வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. மேலே எழுதியவரின் அப்பாவுக்குக் குழாய் அடைத்தபடியே இருந்தது. அங்கே உறங்கும் தசையா, தழும்பா என்று முன்கூட்டியே தெரிய வேண்டியிருந்தது.

நான் எக்கோ எடுப்பவன். எங்கள் வழி, இதயத்தை வலுவாகச் சுருங்கத் தூண்டும் டொபுட்டமின் மருந்து. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம், பிறகு 10 என்று மெதுவாக ஏற்றுவோம். அசையாத சுவர் அந்தக் குறைந்த அளவில் தடிக்கத் தொடங்கி, அளவைக் கூட்டியதும் மறுபடி சோர்ந்தால், தசை உயிருடன் இருக்கிறது, ரத்தம்தான் போதவில்லை என்று அர்த்தம். கண் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பக்கத்துச் சுவர் இழுப்பதால் செத்த சுவரும் அசைவதுபோலத் தோன்றும். ஆகவே அசைவைப் பார்க்காமல், சுருங்கும்போது சுவர் தடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் நானும் இதில் தவறியிருக்கிறேன்.

கோவை இல்லத்தரசி:
என் அம்மாவுக்கு டிரெட்மில் பரிசோதனை நன்றாக வந்தது, எக்கோவும் சரி. அவருக்கும் இந்த எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?

எக்கோ அறை:
வேண்டாம் அம்மா. சுவர்கள் நன்றாக அசையும்போது, அவை உயிருடன் உள்ளனவா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஓய்வுபெற்ற மருத்துவர்:
தழும்பின் தடிமனுக்கும் மீட்சிக்கும் உள்ள உறவு 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெளிவாகப் பதிவானது. தழும்பே இல்லாத, ஆனால் சரியாக அசையாத பகுதிகளில் 78 விழுக்காடு தேறின. முக்கால் பங்குக்கு மேல் தழும்பு இருந்தவற்றில் ஏறக்குறைய எதுவும் தேறவில்லை. இடைப்பட்டவற்றை எவராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

ஆயினும் சுவர் தேறுவது வேறு, ஆயுள் கூடுவது வேறு. 2022-இல் வெளியான ரிவைவ்ட் என்ற பிரிட்டன் ஆய்வில், இ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழே இருந்து, உயிருள்ள தசையும் உறுதிசெய்யப்பட்ட 700 பேரில், மருந்தோடு ஸ்டென்ட்டும் பெற்றவர்களுக்கும் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் மரணத்திலோ இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதிலோ வேறுபாடு காணப்படவில்லை. இ.எஃப்.-உம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பைபாஸையும் மருந்து மட்டும் தருவதையும் ஒப்பிட்ட ஸ்டிச் ஆய்விலோ பத்தாண்டுகளில் பைபாஸ் உயிர் காத்தது. ஆனால் உயிருள்ள தசை இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பலன் என்று பிரித்துக் காட்ட முடியவில்லை. இந்த முரணுக்கு என்னிடம் முழு விடை இல்லை. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையும் ஒன்றுக்கு மேற்பட்ட அடைப்பும் இருந்ததால், ஸ்கேன் எப்படி வந்திருந்தாலும் நான் பைபாஸைப் பற்றிப் பேசியிருப்பேன்.

நெல்லை வாசகர்:
அப்படியானால் ஸ்கேன் தேவையில்லை என்று நான் சொன்னதில் பாதியாவது சரிதானே, ஐயா?

கடைக்காரர் மகள்:
முடிவையும் சொல்லிவிடுகிறேன். பைபாஸ் முடிந்த பத்தாம் நாள் இ.எஃப். 30 என்று வந்தபோது வீடே இடிந்துபோனது. நீண்ட நாள் உறங்கிய தசை எழ மாதங்கள் ஆகும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். மருந்துகளும் தொடர்ந்தன, நான்காம் மாதம் 41. திரையில் முன்சுவர் தடிப்பதை எனக்குக் காட்டினார்கள். நுனி இன்றும் அசையவில்லை.