அப்பா வீடு விற்பனை: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

குமார்: எல்லாருக்கும் காலை வணக்கம். அடுத்த மாதம் பத்திரப்பதிவு. அதற்குள் வரி எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்ள ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய் வந்தேன். அங்கே ஒரு தம்பி கணக்குப் போட்டுக் கொடுத்தார். வீடு 85 லட்சம். வரி மொத்தம் 8,63,500. நான், செல்வி அக்கா, பாபு மூன்று பேருக்கும் தலைக்கு 2,87,833. அதற்கு மேல் 4 சதவீதம் செஸ்.

கண்ணன் மாமா: எதற்குடா வரி? அப்பா சொத்து பிள்ளைகளுக்கு வந்தால் இந்தியாவில் வரியே கிடையாது. அந்த வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள்.

குமார்: மாமா, அப்பாவிடமிருந்து வந்ததற்கு வரி இல்லை. அது சரிதான். நாங்கள் இப்போது விற்கிறோமே, அதில் வரும் லாபத்துக்குத்தான் வரி.

கண்ணன் மாமா: லாபமா? நீங்கள் காசு போட்டா வாங்கினீர்கள்?

செல்வி: அதைத்தான் மாமா நானும் கேட்டேன். நாம் எதுவும் போடவில்லை என்றால் 85 லட்சமும் லாபம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

வசந்தா அத்தை: அப்படிச் சொல்ல மாட்டார்கள். அண்ணன் வாங்கிய விலைதான் உங்களுக்கும் வாங்கிய விலை. அண்ணன் காலத்தில் கட்டியதும் உங்கள் கணக்கில் சேரும். குமார், அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடு, பார்க்கிறேன்.

சுதா: அத்தை முப்பது வருஷம் ஆடிட்டரிடம் வேலை பார்த்தவர். முதலிலேயே இங்கே கேட்டிருக்கலாம் என்று நேற்றே சொன்னேன் 🙂

குமார்: படம் மங்கலாக வருகிறது அத்தை. டைப் செய்கிறேன். விற்பனை 85,00,000. புரோக்கர் கமிஷன் 85,000, பத்திரம் எழுத வக்கீல் 15,000. இரண்டும் கழித்து 84,00,000. அப்பா 1992-இல் 2,60,000-க்கு வாங்கினார். அதற்குப் பதிலாக 2001 மதிப்பு 9,00,000 என்று போட்டிருக்கிறார். 2009-10-இல் மாடி கட்டியது 5,92,000.

கண்ணன் மாமா: 2,60,000-க்கு வாங்கியதை 9 லட்சம் என்று போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

வசந்தா அத்தை: இல்லை அண்ணா. 2001 ஏப்ரல் 1-க்கு முன்னால் வாங்கிய சொத்துக்கு, அன்றைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரே நிபந்தனை, அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. 2020 பட்ஜெட்டில் கொண்டுவந்த கட்டுப்பாடு அது. குமார், இந்த 9 லட்சம் எப்படி வந்தது?

குமார்: மதிப்பீட்டாளர் 13 லட்சம் என்று கொடுத்தார். ஆனால் 2001 வழிகாட்டி மதிப்புப்படி மனை 1,800 சதுர அடி, அடி 350 வீதம் 6,30,000. கட்டடம் 2,70,000. ஆக 9 லட்சத்துக்கு மேல் போக முடியாது என்றார்.

வசந்தா அத்தை: அது சரியாகப் பார்த்திருக்கிறார்.

சுதா: அத்தை, 2022-இல் நாங்கள் வெள்ளையடித்து, மொட்டைமாடி ஒழுகலைச் சரி செய்தோமே, 1,20,000. பில் எல்லாம் வைத்திருக்கிறேன். அதைச் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்.

வசந்தா அத்தை: சேராது அம்மா. இருந்ததை இருந்தபடி வைத்துக்கொள்ளச் செய்த செலவு அது. வீட்டில் புதிதாக ஒன்று சேர்ந்தால்தான் அபிவிருத்தி. மாடி சேரும், வெள்ளை சேராது.

சுதா: பில் இல்லாத மாடி சேருமாம், பில் இருக்கிற வெள்ளை சேராதாம்!

பாபு: காலை வணக்கம், சிங்கப்பூரிலிருந்து. 98-இல் அப்பா போட்ட கார் ஷெட்?

வசந்தா அத்தை: 2001-க்கு முந்தையது எதுவும் தனியாக வராது பாபு. 2001 மதிப்பு எடுக்கும்போது ஷெட்டும் அங்கே நின்றுகொண்டுதானே இருந்தது? சரி குமார், விலைவாசி இண்டெக்ஸ் எப்படிப் போட்டார்?

குமார்: அதில்தான் தலை சுற்றியது. வரியை இரண்டு விதமாகப் போடலாமாம். விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் எடுத்து 20 சதவீதம், இல்லையென்றால் எடுக்காமல் 12.5 சதவீதம். முதல் முறைக்கு 9,00,000 × 376 ÷ 289 என்று போட்டு 11,70,934 என்றார். மாடிக்கு 5,92,000 × 376 ÷ 148, அதாவது 15,04,000. இரண்டையும் கழித்தால் லாபம் 57,25,066, வரி 11,45,013. இரண்டாவது முறையில் 84,00,000-இலிருந்து 14,92,000 கழித்து லாபம் 69,08,000, வரி 8,63,500. அதனால் 12.5-தான் குறைவு என்று முடித்துவிட்டார்.

வசந்தா அத்தை: 376 விற்கிற வருஷமான 2025-26-இன் எண், சரி. 289 எந்த வருஷத்து எண்?

குமார்: 2019-20. அப்பா தவறிய வருஷம்.

வசந்தா அத்தை: அங்கேதான் சறுக்கியிருக்கிறார். 2001 மதிப்பை எடுத்துவிட்டு 2019-இலிருந்து ஏற்றினால் நடுவிலே 18 வருஷ விலைவாசி எங்கே போயிற்று? 2001-02-இன் எண் 100. 9,00,000 × 376 ÷ 100 என்றுதான் வர வேண்டும். அது 33,84,000.

தினேஷ்: அம்மா, அவர் சும்மா தப்பாகப் போட்டிருக்க மாட்டாரே. சட்டத்தில் விற்கிறவர் கையில் சொத்து வந்த வருஷம் என்றுதானே எழுதியிருக்கிறது?

வசந்தா அத்தை: எழுத்துப்படி வாசித்தால் அப்படித்தான் தெரியும். நாங்களும் ஒரு காலத்தில் அப்படியே போட்டோம். 2011-இல் மும்பை உயர் நீதிமன்றம், தானமாக வந்த ஒரு சொத்தில், முந்தைய உரிமையாளர் வைத்திருந்த வருஷத்திலிருந்தே ஏற்றலாம் என்று தீர்ப்புச் சொன்னது. விலை அவருடையது, வைத்திருந்த காலமும் அவருடையதைச் சேர்த்து எண்ணுகிறோம், ஏற்றம் மட்டும் எப்படிப் புதிதாகத் தொடங்கும் என்பதுதான் அதன் சாரம். டெல்லி உயர் நீதிமன்றமும் அதே வழியில் போனது. வாரிசாக வந்தாலும் அதே விதிதான்.

கண்ணன் மாமா: மும்பைத் தீர்ப்பு இங்கே செல்லுமா?

வசந்தா அத்தை: நல்ல கேள்வி அண்ணா. நான் வேலை பார்த்த காலம் வரை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஓர் அதிகாரி நோட்டீஸ் அனுப்பிக் கேட்கவே மாட்டார் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தீர்ப்பின் நகலைக் கோப்பில் வைத்துக்கொண்டு போடுவதுதான்.

குமார்: அப்படியென்றால் 33,84,000-உம் மாடிக்கு 15,04,000-உம் சேர்த்து 48,88,000. 84,00,000-இல் கழித்தால் லாபம் 35,12,000. 20 சதவீதம் 7,02,400. அடேயப்பா, 8,63,500-ஐவிடக் குறைவு!

செல்வி: தலைக்கு எவ்வளவு?

குமார்: ஆளுக்கு லாபம் 11,70,667. வரி 2,34,133. முன்னே சொன்ன 2,87,833-உடன் பார்த்தால் தலைக்கு 53,700 மிச்சம்.

பாபு: 👏👏 அத்தைக்கு ஒரு பட்டுப்புடவை.

வசந்தா அத்தை: அவசரப்படாதே பாபு. உனக்கு அந்த மிச்சம் கிடையாது.

பாபு: ஏன்?

வசந்தா அத்தை: 2024 ஜூலை 23-க்கு அப்புறம் பொது விதி 12.5 சதவீதம், இண்டெக்ஸ் இல்லை. அதற்கு முன்னால் வாங்கிய நிலத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் பழைய முறையையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம் என்று சலுகை கொடுத்தார்கள். அது இங்கே வசிப்பவர்களுக்குத்தான். நீ வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவன். உனக்கு 2,87,833-தான்.

பாபு: ஒரே அப்பா, ஒரே வீடு, எனக்கு மட்டும் 53,700 கூடவா?

வசந்தா அத்தை: அதைவிடப் பெரிய தலைவலி டிடிஎஸ். குமாருக்கும் செல்விக்கும் வரும் பங்குக்கு வீட்டை வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடிப்பார். பாபு, உன் பங்குக்கு அந்த 1 சதவீதம் கிடையாது. 12.5 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடிக்க வேண்டும். உன் லாபம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாதே, முழுப் பங்குத் தொகைக்கே பிடித்துவிடப் பார்ப்பார். லாபத்துக்கு மட்டும் பிடித்தால் போதும் என்று வருமான வரி அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கலாம். அதற்கு இப்போதே விண்ணப்பம் போடாவிட்டால் பத்திரப்பதிவுக்குள் வராது.

குமார்: நாளைக்கே கேட்கிறேன். புரோக்கர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தினேஷ்: செல்வி அக்காவுக்கு வரியே வராதே! புது வருமான வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. அக்காவுக்கு வேறு வருமானம் இல்லை. 11,70,667 அதற்குள்தானே வருகிறது?

செல்வி: அப்படியா!!

வசந்தா அத்தை: தினேஷ், ஆசை காட்டாதே. அந்த 12 லட்சம் தள்ளுபடி சம்பளம், வட்டி மாதிரி சாதாரண வருமானத்துக்கு. சொத்து விற்ற லாபம் தனி விகிதத்தில் வருகிறது, அதன்மேல் தள்ளுபடி கிடையாது. ஆனால் செல்விக்கு வேறு ஒன்று உண்டு. வேறு வருமானம் இல்லாததால் அடிப்படை விலக்கு 4 லட்சம் அப்படியே மீதி இருக்கிறது. இங்கே வசிப்பவள் என்பதால் அதை லாபத்தில் கழிக்கலாம். 7,70,667-க்கு 20 சதவீதம், 1,54,133.

செல்வி: அதுவும் நல்லதுதான். தினேஷ், அரை நிமிஷம் சந்தோஷப்பட்டேன் 😄

பாபு: ஊருக்கு வந்து போக விமான டிக்கெட்? விற்பதற்காகத்தானே வருகிறேன்.

வசந்தா அத்தை: விற்பனைக்காக மட்டுமே ஆன செலவு என்று காட்ட வேண்டும். நீ பத்து நாள் விடுமுறைக்கும் சேர்த்து வருகிறாய். நானாக இருந்தால் போட மாட்டேன். போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கண்ணன் மாமா: என் மச்சினன் வீட்டை விற்றபோது வேறு வீடு வாங்கி வரியே கட்டவில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

வசந்தா அத்தை: அதுவும் வழிதான். லாபத்தை இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கப் போட்டால் வரி இல்லை. பாபுவும் செய்யலாம், ஆனால் வீடு இந்தியாவில் இருக்க வேண்டும். மூன்று பேரும் ஒரே முடிவு எடுக்கத் தேவையில்லை, ஒவ்வொருவர் பங்கும் தனிக் கணக்கு.

குமார்: அதை அப்புறம் பேசுவோம் மாமா. எனக்கு இப்போது மாடிதான் கவலை. 5,92,000 என்பது அப்பா டைரியில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. கொத்தனார் பில் ஒன்றும் இல்லை.

வசந்தா அத்தை: டைரி மட்டும் என்றால் பலவீனம். மாடி இல்லையென்றால் 15,04,000 கழிவு போய்விடும், உனக்கு 12.5 சதவீத முறையே குறைவாகி வரி 78,367 கூடும், செல்விக்கு ஒரு லட்சம், பாபுவுக்கு 24,667 கூடும். அண்ணன் வங்கிப் பாஸ்புக்கில் அந்த வருஷம் பணம் எடுத்த தேதிகள், கட்டட வரைபட அனுமதி, மாடி கட்டியபின் சொத்து வரி கூட்டிய ரசீது, இவை இருக்கிறதா பாருங்கள். அனுமதியும் கூட்டிய வரியும் மாடி எப்போது வந்தது என்று சொல்லும். எவ்வளவு ஆனது என்பதைப் பாஸ்புக் சொல்லும்.

சுதா: மர பீரோவுக்கு மேலே அப்பாவின் பச்சைப் பெட்டி இருக்கிறது. யாரும் திறக்கவில்லை.

செல்வி: சாவி என்னிடம்தான். மத்தியானம் வருகிறேன்.

குமார்: வா அக்கா. பாபு, நீ வீடியோவில் வா. பாஸ்புக்கை எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.

பாபு: சரி. 1998 கார் ஷெட் பில் கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். வரிக்கு இல்லை, எனக்கு.