நொய்யல் வடிநிலத்துக்கு நான்கு டைல்களை ஒட்டும்போது 77 பாகைக் கோட்டில் பள்ளம்: உங்கள் அனுபவம் என்ன?

கரைவழி

உயரத் தரவிலிருந்து நொய்யல் வடிநிலத்தை வெட்டி எடுக்க ஒரு டைல் போதாது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் தொடங்கி காவிரியில் சேரும் வரைக்கும் ஆறு 11° வடக்குக் கோட்டை ஒட்டியே ஓடுகிறது, கோவையைத் தாண்டும்போது 77° கிழக்கையும் கடக்கிறது. இரண்டு கோடுகளும் சந்திக்கும் புள்ளி சிங்காநல்லூர் பக்கம், ஊருக்குள்ளேயே விழுகிறது. ஆகவே கோபர்நிக்கஸ் 30 மீட்டர் தரவில் N10E076, N10E077, N11E076, N11E077 நான்கும் வேண்டும்.

நான்கையும் தனித்தனியாக யுடிஎம் 43-க்கு மாற்றி, பிறகு `gdal_merge.py` கொண்டு ஒட்டியதில் வந்த விளைவு இது. 77° கோட்டுக்கு மேற்கே ஒட்டினாற்போல் ஒரு ஆப்பு வடிவப் பட்டை. 11°-இல் சுமார் 25 பிக்சல் அகலம், வடக்கே போகப் போகக் குறுகி 12°-இல் மறைந்துவிடுகிறது. உள்ளே எல்லா பிக்சலும் 0. சுற்றிலும் நிலம் நானூறு மீட்டரை ஒட்டி இருக்க, நடுவில் கடல் மட்டம்! ஓடைகளை வரைந்தால் எல்லாம் அந்தப் பள்ளத்தில் விழுந்து நின்றுவிடுகின்றன. கோட்டின் இரு புறமும் மதிப்பு கேட்டால்:

```
gdallocationinfo -valonly -wgs84 ottiya.tif 76.9995 11.02
gdallocationinfo -valonly -wgs84 ottiya.tif 77.0005 11.02
```

முதலாவது 0, இரண்டாவது சரியான உயரம். இதைச் சந்தித்தவர்கள் எப்படிச் சரிசெய்தீர்கள்?

மேட்டுநிலம்

இதற்கு `gdal_fillnodata.py` இருக்கிறதே. `-md 30` கொடுத்தால் 25 பிக்சலும் நிரம்பிவிடும். எஸ்ஆர்டிஎம் தரவில் மலைப்பக்கத்து ஓட்டைகளுக்கு எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். கோடு கண்ணுக்கே தெரியாது.

அளவைச்சங்கிலி

கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மை. அதுதான் சிக்கலும்.

முதலில், அந்தக் கருவி 0-வை ஓட்டையாகப் பார்க்காது. `gdalinfo` போட்டுப் பாருங்கள், கரைவழியின் கோப்பில் `NoData Value` என்ற வரியே இருக்காது. சரி, 0-வை நோடேட்டா என்று அறிவித்துவிட்டு நிரப்பலாம் என்றால், 25 பிக்சல் என்பது முக்கால் கிலோமீட்டர். விளிம்பு மதிப்புகளை வைத்து நடுவில் ஒரு வழவழப்பான சரிவைக் கருவி கற்பனை செய்யும். ஓடையின் படுகை அதில் இருக்காது. கடலோர டைல் என்றால் இன்னும் மோசம். அங்கே 0 என்பது உண்மையான கடல், அதையும் சேர்த்து நிரப்பிவிடும். ஒன்றிரண்டு பிக்சல் உண்மையான ஓட்டைக்கு மேட்டுநிலம் சொன்னது நல்ல வழி. இங்கே நிலத்தின் தரவு பக்கத்து டைலில் பத்திரமாக இருக்கிறது. அதன் மேல் காலி இடத்தைப் போட்டு மூடியிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆப்பு ஏன் வருகிறது? யுடிஎம் 43-இன் மைய நெட்டாங்கு 75°. அதிலிருந்து இரண்டு பாகை தள்ளியிருக்கும் 77° கோடு, அந்தத் தளத்தில் நேர் வடக்காக நிற்காது. வடக்கே போகப் போக மேற்கே சாயும். 11°-இலிருந்து 12° வரை போவதற்குள் ஏறக்குறைய 770 மீட்டர் சாய்ந்துவிடுகிறது. டைலின் நிலம் சாய்வு, ஆனால் கோப்பு எப்போதும் நேர்ச் செவ்வகம். அதனால் N11E077-இன் மாற்றப்பட்ட கோப்பில் இடது ஓரத்தில் தெற்கே அகன்ற ஒரு காலி ஆப்பு உருவாகிறது. மூலக் கோப்பில் நோடேட்டா மதிப்பு குறிக்கப்படாததால் `gdalwarp` அந்த இடத்தை 0-வால் நிரப்பும், அதை நிலம் என்றே எல்லாரும் நம்புவார்கள். ஒட்டும்போது கடைசியாக வரும் கோப்பு மேலே உட்காரும். அகரவரிசையில் N11E077 கடைசி.

அதே காரணத்தால் 11° கோட்டிலும் தேடுங்கள். N11E076-இன் அடி ஓரத்தில், 77° முனையில், கிட்டத்தட்ட 18 பிக்சல் உயரத்துக்கு இன்னொரு ஆப்பு இருக்கும். இரண்டும் அகலமாக இருக்கும் முனைகள் சிங்காநல்லூர் மூலையிலேயே கூடுகின்றன. ஓடைகள் அங்கே போய்ச் செத்துப்போவதில் வியப்பில்லை.

ஒட்டும் கருவிக்கு `-n 0` கொடுத்தாலும் ஆப்பு மறையும் என்று சிலர் சொல்வார்கள். மறையும். ஆனால் நான்கு கோப்புகளும் தனித்தனியாக மாற்றப்பட்டதால் ஒவ்வொன்றுக்கும் பிக்சல் அளவு தசமத்தில் வேறு, தொடக்கப் புள்ளியும் வேறு. ஒட்டும்போது முதல் கோப்பின் கட்டத்துக்குள் மற்றவை நெருக்கித் தள்ளப்படும். அரைப் பிக்சல் விலகலோ, ஒரு பிக்சல் விரிசலோ அங்கங்கே மிஞ்சும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் மூலத் தளத்திலேயே ஒட்டுவது, பிறகு ஒரே ஒரு முறை மாற்றுவது:

```
gdalbuildvrt noyyal.vrt Copernicus_DSM_COG_10_N1[01]_00_E07[67]_00_DEM.tif
gdalwarp -t_srs EPSG:32643 -tr 30 30 -tap -r bilinear \
  -dstnodata -9999 noyyal.vrt noyyal_utm.tif
```

கோபர்நிக்கஸ் டைல்கள் இந்த அகலாங்கில் 3600×3600, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகப் பொருந்தும். அதனால் முதல் வரியில் எந்த மறுகணக்கும் நடக்காது. இரண்டாவது வரியில் 77° கோட்டருகே ஒரு பிக்சலைக் கணக்கிடும்போது, இரு டைல்களிலிருந்தும் அண்டை மதிப்புகள் கிடைக்கும். வெளி ஓரத்தில் ஆப்பு இருக்கத்தான் செய்யும், ஆனால் அது -9999 என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும். வடிநிலத்தை அதற்குப் பிறகு வெட்டுங்கள்.

பனையோலை

அண்ணா, எனக்கும் இதே கோடு வருகிறது. நீலகிரிப் பக்கம் N11E076, N11E077 இரண்டையும் க்யூஜிஐஎஸ்-இல் திறந்தால் ஒன்று வெளிறியும் ஒன்று கறுத்தும் நிற்கிறது. நடுவில் கத்தியால் வெட்டியது போல் கோடு. மேலே உள்ள கட்டளையைப் போட்டால் சரியாகுமா?

அளவைச்சங்கிலி

உங்களுடையது வேறு தம்பி. ஒவ்வொரு டைலும் தனது குறைந்தபட்ச, அதிகபட்ச உயரத்துக்கு ஏற்பச் சாயம் பூசிக்கொள்கிறது. மேற்கு டைலில் தொட்டபெட்டா 2637 மீட்டர் வரை இழுக்கிறது, கிழக்கு டைலில் அவ்வளவு உயரம் இல்லை. அதனால் ஒரே 400 மீட்டர் இரண்டில் இரு நிறமாகத் தெரிகிறது. கோட்டின் இரு புறமும் சொடுக்கி மதிப்பைப் பாருங்கள், இரண்டு மூன்று மீட்டருக்குள் இருந்தால் தரவில் தையலே இல்லை. `gdalbuildvrt` செய்து ஒரே அடுக்காகத் திறந்தால் நிறக்கோடு போய்விடும்.

மலை நிழலையும் டைல் டைலாகப் போடாதீர்கள். `gdaldem hillshade` ஓரத்து ஒரு பிக்சலைக் காலியாக விடும், ஒட்டினால் அது கறுப்புக் கோடாகத் தெரியும். ஒட்டிய தரவில் ஒரே முறை போடுவதே நல்லது. உள்ளே ஒளிந்திருக்கும் தையலும் நிழலில்தான் பளிச்சென்று தெரியும்.

கல்வராயன்

எங்களுடையது இன்னும் மோசமான வகை. ஒரு பக்கம் புவன் தளத்துக் கார்ட்டோடெம், மறுபக்கம் எஸ்ஆர்டிஎம். கட்டங்கள் எல்லாம் சரி, நோடேட்டாவும் இல்லை, ஆனால் கோட்டில் 90 மீட்டரை ஒட்டிய செங்குத்துச் சுவர். 50 பிக்சல் அகலத்துக்கு இரண்டையும் படிப்படியாகக் கலந்தால் மறையும் என்று நினைக்கிறேன். சரிதானே?

அளவைச்சங்கிலி

கலக்காதீர்கள். சுவர் சாய்வுதளமாக மாறுமே தவிர, பிழை அங்கேயேதான் இருக்கும். கார்ட்டோடெம் உயரம் நீள்வட்டக் கோளத்திலிருந்து அளந்தது, எஸ்ஆர்டிஎம் கடல் மட்டத்தை ஒட்டிய ஈஜிஎம்96 பரப்பிலிருந்து. நம் பகுதியில் இந்த இரண்டுக்கும் இடையே தொண்ணூறு மீட்டரை ஒட்டிய வித்தியாசம். கடற்கரை ஊர்கள் கார்ட்டோடெம்மில் எதிர்மறை உயரத்தில் நிற்பதற்கும் இதுதான் காரணம்.

```
gdalwarp -s_srs EPSG:4979 -t_srs EPSG:4326+5773 \
  -r bilinear carto.tif carto_egm96.tif
```

போட்ட பிறகு ஏதாவது ஒரு புள்ளியின் மதிப்பைப் பாருங்கள். தொண்ணூறு மீட்டர் ஏறியிருக்க வேண்டும். அப்படியே இருந்தால் ஜியாய்டு கட்டக் கோப்பு கணினியில் இல்லை என்று பொருள். பிழை சொல்லாமல் ஓடி முடிவதும் உண்டு, கட்டளை முடிந்ததை நம்பி விட்டுவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டும் ஏறி நிற்கும் பகுதியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். மீதம் எங்கும் ஒரே அளவாக இருந்தால் அந்த அளவைக் கழித்துவிடலாம். குன்றுகளின் ஒரு பக்கம் கூடுதலாகவும் எதிர்ப்பக்கம் குறைவாகவும் வந்தால் உயரத்தில் பிழை இல்லை, ஒரு தரவு பக்கவாட்டில் நகர்ந்து கிடக்கிறது. முதலில் அதை இழுத்து உட்கார வைக்க வேண்டும்.

கல்வராயன்

அதையெல்லாம் செய்த பிறகும் 3 மீட்டர் மிஞ்சினால்? அப்போதாவது கலக்கலாமா?

கரைவழி

பார்வைக்கான வரைபடம் என்றால் கலக்கலாம். நீரோட்டத்துக்கு என்றால் எனக்குத் தயக்கம். 3 மீட்டரை 10 பிக்சலில் பரப்பினால் 300 மீட்டருக்கு 3, அதாவது நூற்றுக்கு ஒன்று சரிவு. சமவெளி ஓடைகளின் சரிவு அதைவிடக் குறைவு. ஓடை கோட்டோடு திரும்பி ஓட ஆரம்பிக்கும்.

அளவைச்சங்கிலி

நான் இதில் உடன்பட மாட்டேன். கலக்காவிட்டால் 3 மீட்டர் படிக்கட்டு. அதிலும் ஓடை திரும்பத்தான் செய்யும். 50 பிக்சலுக்கு விரித்தால் சரிவு ஐந்தில் ஒன்றாகும். முடிந்தால் வடிநிலம் முழுவதற்கும் ஒரே தரவை எடுங்கள், தையலை நீர்பிரிமுகட்டில் போடுங்கள். அங்கே எந்த ஓடையும் அதைக் கடக்காது.

வடதிசை

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 50° வடக்கில் கோபர்நிக்கஸ் டைலின் நிரல்கள் 3600-இலிருந்து 2400 ஆகக் குறைகின்றன. `gdalbuildvrt` இயல்பாகவே இரண்டுக்கும் சராசரியான பிக்சல் அளவை எடுத்துக்கொண்டு இரண்டையும் கெடுக்கும், சரிவுகளில் படிப்படியாகத் தெரியும். `-resolution highest -r bilinear` சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிறது. எல்லைக்கோட்டில் மெல்லிய தடம் ஒன்று நிழல் படத்தில் இன்னும் தெரிகிறது, அதற்கு வழி கிடைக்கவில்லை.

கரைவழி

நான்கு டைலையும் முதலில் ஒட்டிப் பிறகு மாற்றிப் பார்த்தாயிற்று. 76.9995-இலும் 77.0005-இலும் மதிப்புகள் இரண்டு மீட்டருக்குள். 11° கோட்டில் சொன்ன இடத்திலேயே இரண்டாவது ஆப்பும் இருந்தது, அதுவும் போய்விட்டது. நொய்யல் கோட்டைக் கடந்து ஓடுகிறது.

சிங்காநல்லூருக்குக் கிழக்கே ஒரு இடத்தில் மட்டும் ஓடை இன்னும் முட்டி நின்று சுற்றிப் போகிறது. தையல் என்று நினைத்துத் தேடினால், அது டைல் எல்லையிலிருந்து நாற்பது பிக்சல் தள்ளி இருக்கிறது. இந்தத் தரவு தரையை மட்டும் அளந்ததல்ல, மேலே நிற்கும் பாலமும் கட்டடமும் சேர்ந்தது. பாலத்தை வெட்டி ஓடையை விடும் வேலை இனிமேல்தான்.