பன்றிமலை எங்கே போனது? அகர வரிசை பிறழ்ந்த அனுபவங்கள்

பூம்பாறை வாசி

மலைப்பூண்டு விதைக்குப் பதிந்தவர்களின் பட்டியலை ஊர்வாரியாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருந்தோம். விரிதாளில் ஏறுவரிசை கொடுத்து எடுத்ததுதான். பன்றிமலையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் 'ப'வில் விரல் வைத்தார். பண்ணைக்காடு வந்ததும் இடையில் எதையும் பார்க்காமல் நேரே கீழே இறங்கினார். அங்கே பள்ளங்கி, அதற்கடுத்துப் பழனி, பிறகு பாச்சலூர் தொடங்கிவிட்டது. "எங்கள் ஊரை விட்டுவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அவர் ஊர் பண்ணைக்காட்டுக்கு அடுத்த வரியிலேயே இருந்தது.

பட்டியலில் இருந்தது: பண்ணைக்காடு, பன்றிமலை, பள்ளங்கி, பழனி.
அவர் தேடிய வரிசை: பண்ணைக்காடு, பழனி, பள்ளங்கி, பன்றிமலை.

கடைசி மூன்றும் அப்படியே தலைகீழ். ழ, ள, ற, ன என்று பள்ளியில் படித்ததை நம்பித் தேடியவர் அவர். அவர் விரல் இறங்கிய இடம்தான் சரியான இடம். உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

சாரல்

குன்னூரில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பட்டியலிலும் குன்னூர் குறிஞ்சிக்கு முன்னால் வந்து நின்றது. காரணம் எளிது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் எண் கொடுக்கும் முறை யூனிகோடு. விரிதாள் அந்த எண்படிதான் அடுக்குகிறது. அதன் தமிழ்ப் பகுதி, இந்திய எழுத்துகளுக்கான 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை ஒட்டி அமைந்தது. எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே அச்சில் வார்த்தபோது ன, ந-வுக்குப் பக்கத்தில் போய்விட்டது. ற, ர-வுக்குப் பக்கத்தில். ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால். இந்த நான்கு எழுத்துகளையும் அவற்றுக்குரிய எண்ணுக்கு மாற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும். இத்தனை ஆண்டுகளாக ஏன் மாற்றவில்லை என்பதுதான் என் கேள்வி.

பெருமாள்மலை

சாரல், காரணத்தைச் சரியாகச் சொன்னீர்கள். "எல்லாம் தீர்ந்துவிடும்" என்பதை ஏற்க முடியாது. ஒரு முறை கொடுத்த எண்ணை யூனிகோடு இடம் மாற்றுவதில்லை. மாற்றினால் ஏற்கெனவே எழுதிய கோப்புகளெல்லாம் குழம்பிவிடும். அப்படியே மாற்றினாலும் நோயில் பாதிதான் போகும்.

நான் ஒரு நடைபாதை வரைபடத்துக்கு ஊர்ப்பெயர் அட்டவணை தயாரித்தபோது வடகவுஞ்சி முதலிலும் வட்டக்கானல் பின்னாலும் வந்தன. நீங்கள் சொன்ன நான்கில் எதுவும் முதல் மூன்று இடங்களில் இல்லை. நம் வரிசையில் ட் முதலில், ட பிறகு. ஆகவே வட்டக்கானல்தான் முன்னால் வர வேண்டும். ஆனால் கணினியில் ட் என்று ஓர் எழுத்தே இல்லை. ட-வும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. மூன்றாம் குறியில் ஒன்றில் க, மற்றதில் புள்ளி. க-வின் எண் சிறியது, வடகவுஞ்சி முந்திவிட்டது.

புள்ளியை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தால் சரியாகாதா என்று கேட்பீர்கள். 'இல', 'இல்' இரண்டையும் பாருங்கள். 'இல்' முதலில் வர வேண்டும். ஆனால் குறிகளாகப் பார்த்தால் 'இல'-வோடு புள்ளி சேர்ந்ததுதான் 'இல்'. குறுகியதுதான் எப்போதும் முந்தும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் இது மாறாது. எழுத்தை எழுத்தாக எடுத்துப் பார்க்காதவரை வரிசை வராது.

அதனால் நான் செய்வது இது. பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு இலக்கம் கொடுப்பேன். முதல் இரண்டு மெய்: க் 01 தொடங்கி ன் 18 வரை. அடுத்த இரண்டு உயிர்: புள்ளி இருந்தால் 00, அ 01, ஆ 02, இப்படியே ஔ 12 வரை. சொல்லில் உயிரெழுத்து தனியாக வந்தால் மெய்க்கு 00. ஆய்தம் 0013. நம் ஊர்கள் இப்படி வரும்:

பழனி: 0901 1501 1803
பள்ளங்கி: 0901 1600 1601 0200 0103
பன்றிமலை: 0901 1800 1703 1001 1309
வட்டக்கானல்: 1401 0500 0501 0100 0102 1801 1300
வடகவுஞ்சி: 1401 0501 0101 1405 0400 0303

இந்த நெடுவரிசையை வைத்து அடுக்கினால் பெரியவர் விரல் வைத்த இடத்தில் பன்றிமலை இருக்கும். இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதி, எல்லா வரிகளிலும் முன்னால் ஒரே எழுத்தைப் போடுங்கள். போடாவிட்டால் விரிதாள் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு, தொடக்கத்துச் சுழியத்தை விழுங்கிவிடும். கைக்கு எட்டாத அளவு பெயர்கள் இருந்தால் சிறு நிரல் எழுதிக்கொள்ளலாம்.

பழைய தட்டச்சர்

எங்கள் ஊட்டி அச்சகத்தில் எழுத்துருவே வேறு. யூனிகோடு வருவதற்கு முன்பு தட்டிய கோப்புகளில் கொம்புதான் முதலில் விழும், எழுத்து அப்புறம். செண்பகனூர், பெருமாள்மலை, தெப்பக்காடு எல்லாம் அடுக்கினால் கொம்பின் கீழ் ஒரே கும்பலாக நிற்கும். செடிப் பெயர் அகராதி ஒன்றை அப்படியே அச்சேற்றிவிட்டு, 'செ' எங்கே என்று வாடிக்கையாளர் கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறது. முதலில் எழுத்துருவை மாற்றுங்கள், எல்லாம் சரியாகும்.

பெருமாள்மலை

ஐயா, அது வேறு சிக்கல். இவர்கள் கோப்பு யூனிகோடில்தான் இருக்கிறது.

கோத்தகிரி ஆசிரியை

விரிதாளில் வரிசைப்படுத்தும் விருப்பங்களில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தால் போதும் என்று எனக்குச் சொன்னார்கள். லிப்ரே ஆபீஸில் அந்த வசதி இருக்கிறது, எனக்கு உதவியது. எல்லாரும் நான்கு இலக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா?

என் சிக்கல் வேறு. வகுப்புப் பட்டியலில் ஜெயந்தி ஞானத்துக்கு முன்னால் வருகிறாள். குறியீட்டு எண்ணில் ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் இருக்கிறது. பதினெட்டு மெய்யும் முடிந்தபின் ஜ, ஷ, ஸ, ஹ வர வேண்டும் என்கிறேன் நான். சக ஆசிரியர், ச-வின் உறவு ச-வுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறார். எது சரி?

பெருமாள்மலை

அம்மா, மொழியைத் தேர்வது நல்ல வழிதான். ஆனால் விரிதாளுக்கு விரிதாள், பதிப்புக்குப் பதிப்பு விடை மாறும். நம்புவதற்கு முன் வட்டக்கானல், வடகவுஞ்சி, பழனி, பன்றிமலை நான்கையும் கலைத்துப் போட்டு அடுக்கிப் பாருங்கள். வட்டக்கானல் பின்னால் வந்தால் புள்ளியைக் கவனிக்கவில்லை என்று பொருள். பன்றிமலை பழனிக்கு முன்னால் வந்தால் வெறும் எண்ணைத்தான் பார்த்திருக்கிறது.

ஜ பற்றி: மெய்கள் முடிந்தபின் வைப்பதே என் வழக்கம், 19 முதல் எண் கொடுப்பேன். ஒரு பட்டியலுக்குள் ஒரே முறை இருந்தால் போதும்.

சாரல்

ஏற்கவில்லை. தேடுகிற குழந்தை ஜ-வை ச-வுக்குப் பக்கத்தில்தான் தேடும்.

பூம்பாறை வாசி

நெடுவரிசை போட்டுப் பார்த்தோம், பன்றிமலை பள்ளங்கிக்குக் கீழே வந்துவிட்டது. இப்போது வேறொன்று. கொடைக்கானல் இரண்டு இடத்தில் இருக்கிறது: ஒன்று கே.சி.பட்டிக்கு மேலே, மற்றொன்று கீழே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடினால் ஒன்று மட்டுமே கிடைக்கிறது.

பெருமாள்மலை

ஒருவர் 'கொ'வை U+0BCA என்ற ஒற்றைக் குறியால் தட்டியிருக்கிறார், இன்னொருவர் U+0BC6, U+0BBE என்று கொம்பையும் காலையும் தனித்தனியாக. கொம்பு முதலில் நிற்பதால் இரண்டாவது கெ-வுக்கும் கே-வுக்கும் நடுவில் விழுகிறது. கோப்பை முதலில், இப்படிப் பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாக்கும் NFC என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றிவிட்டு, பிறகு இலக்கம் கொடுங்கள். இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆனால் கவுஞ்சியைக் கட்டாயம் கண்ணால் பாருங்கள். சிலர் கௌஞ்சி என்று எழுதுவார்கள். சிலர் க, கொம்பு, ள என்று தட்டி 'கெளஞ்சி' ஆக்கிவிடுவார்கள். அந்த ள உண்மையான ள-தான், NFC அதைத் தொடாது. ஓர் ஊர் மூன்று இடத்தில் நிற்கும். கையால்தான் திருத்த வேண்டும்.